மூன்று வழியில் வந்தால் ஹஸன் ஆகிவிடுமா? ஹதீஸ் தரம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு தம்பி, பயானுக்கு எழுதிய தாளைக் கொண்டுவந்து காட்டினார். முதல் வரி: "சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்." ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: "ளயீஃப்தான். ஆனால் மூன்று வழிகளில் வந்திருக்கிறது, எனவே ஹஸன்." பலவீனமான ஹதீஸ் பல வழிகளில் வந்தால் ஏற்கத்தக்கதாகிவிடும் என்று, இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கணக்கைப் போட்டு, இதே வரியை ஜும்ஆவில் சொன்னவன். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்ததும் மனசு சுருக்கென்றது.

வழிகளை எண்ணுவது, எடை பார்க்காமல்

ஒரு ஹதீஸை ஸஹீஹ், அதாவது ஆதாரபூர்வமானது என்று சொல்ல ஐந்து விஷயங்கள் வேண்டும். அறிவிப்பாளர் தொடர் அறுபடக் கூடாது. ஒவ்வொருவரும் நேர்மையானவராக இருக்க வேண்டும். கேட்டதைத் துல்லியமாகக் காத்தவராகவும் இருக்க வேண்டும். அவரைவிட உறுதியானவர்கள் அறிவித்ததற்கு முரணாக அது இருக்கக் கூடாது. உள்ளே மறைந்த குறையும் இருக்கக் கூடாது. இவற்றில் அந்தத் துல்லியம் மட்டும் சற்றுக் குறைந்தால் ஹஸன். அதற்கும் கீழே போனால் ளயீஃப்.

ளயீஃப் இன்னொரு வழியின் துணையால் ஹஸன் நிலைக்கு ஏறும் என்பது உண்மை. ஆனால் எல்லா ளயீஃபும் ஏறாது. ஹதீஸ் கலை அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார். நேர்மையான ஒருவரின் ஞாபகக் குறைவால் வந்த பலவீனம் என்றால், அதே செய்தியை வேறொருவரும் சொல்லும்போது அவர் தடுமாறவில்லை என்று தெரியவரும். பொய்யர் என்று சந்தேகிக்கப்பட்டவரால் வந்த பலவீனம் என்றால், இன்னொரு பொய்யர் வந்து அதைச் சரிசெய்ய முடியாது.

சரி, அந்த மூன்று வழிகளைப் பார்ப்போம். முதலாவது அனஸ் (ரலி) வழியாக அபூ ஆதிகா அறிவிப்பது. அவரைப் பற்றி இமாம் புகாரீ சொன்னது "முன்கருல் ஹதீஸ்", அதாவது ஏற்க முடியாத செய்திகளை அறிவிப்பவர். புகாரீயின் வாயிலிருந்து வந்தால் இது கடுமையான சொல். நஸாயீயும் அவரை நம்பகமானவர் அல்ல என்றார். இரண்டாவது வழியில் யஃகூப் பின் இஸ்ஹாக் அல்அஸ்கலானீ. தஹபீ அவரைப் பொய்யர் என்கிறார். மூன்றாவதில் ஹதீஸ் புனைவதில் பேர்போன ஜுவைபாரீ. எண்ணினால் மூன்று, எடை போட்டால் ஒன்றுமில்லை. இப்னுல் ஜவ்ஸீ இதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில்தான் சேர்த்திருக்கிறார்.

இதே அறிவிப்பின் பின்பாதியைப் பாருங்கள்: "கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை." இது இப்னு மாஜாவில் 224ஆம் எண்ணில் தனியாக வருகிறது. அங்கேயும் தொடர் பலவீனம்தான், காரணம் ஹஃப்ஸ் பின் சுலைமான். ஆமாம், நாம் தினமும் ஓதும் கிராஅத்தின் அதே ஹஃப்ஸ்! குர்ஆன் ஓதலில் இமாம், ஹதீஸில் கைவிடப்பட்டவர் என்று இப்னு ஹஜர் எழுதுகிறார். ஆனால் இந்த வாக்கியத்துக்கு ஹஃப்ஸ் இல்லாத வழிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் மிஸ்ஸீ இது ஹஸன் நிலையை எட்டுகிறது என்றார். சுயூத்தீ ஐம்பது வழிகளைத் திரட்டினார்.

அதோடு முடியவில்லை. அதே 224இல் அடுத்த வரி, தகுதியற்றவரிடம் கல்வியை வைப்பது பன்றிக்கு ரத்தினமும் முத்தும் பொன்னும் மாட்டுவது போல என்கிறது. இந்த வரிக்கு அந்தத் துணை இல்லை. எண் ஒன்றுதான், ஆனால் ஒரு வரி ஏறுகிறது, இன்னொரு வரி அங்கேயே நிற்கிறது. ஹதீஸ் ஆப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சொல்லில் தரம் போட்டிருந்தால், அது எந்த வரிக்கு என்று கேளுங்கள். சீனா வரியைச் சொன்ன அன்று நான் எதையும் கேட்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக நிரூபணமாகாத ஒன்றை, நானூறு பேர் முன்னால் அவர்கள் பெயரில் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுப் போன எத்தனை பேரிடம் நான் திரும்பப் போய்ச் சொல்ல முடியும்?

"ஸனது ஸஹீஹ்" என்பதை "ஹதீஸ் ஸஹீஹ்" என்று படிப்பது

"ஸனது ஸஹீஹ்" என்பது அறிவிப்பாளர் தொடரைப் பற்றி மட்டும். முரணும் மறைந்த குறையும் இன்னும் பார்க்கப்படாமல் இருக்கலாம்.

புகாரீயில் இல்லை, எனவே ஸஹீஹ் இல்லை

நீளம் கருதி ஸஹீஹானவற்றிலும் பலவற்றைத் தன் நூலில் விட்டுவிட்டதாக இமாம் புகாரீயே சொல்லியிருக்கிறார்.

ளயீஃபை "சொன்னார்கள்" என்று எடுத்துச் சொல்வது

பலவீனம் என்றால் பொய் என்று ஆகாது, நிரூபணமாகவில்லை என்றே பொருள். அதனால்தான் அறிஞர்கள் "சொன்னார்கள்" என்று எழுதாமல் "அறிவிக்கப்படுகிறது" என்று எழுதுவார்கள். நற்செயல்களின் சிறப்பைச் சொல்ல அதை அனுமதித்த இப்னு ஹஜரும் மூன்று நிபந்தனை வைத்தார்: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது, ஏற்கனவே நிலைபெற்ற ஓர் அடிப்படையின் கீழ் அது வர வேண்டும், நபிகளார் சொன்னது உறுதி என்று நம்பி அதைச் செயல்படுத்தக் கூடாது. சீனா வரி முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது.

"அப்போ ஹஸ்ரத், பின்பாதியை மட்டும் வச்சுக்கலாமா?" என்று கேட்டார் தம்பி. வைத்துக்கொள்ளலாம் என்றேன். தாளில் முதல் வரியை அடித்துவிட்டு, ஓரத்துப் பென்சில் குறிப்பையும் அழித்தார். அப்புறம் பின்பாதியை எழுதி, கீழே "இப்னு மாஜா 224, முதல் வரி மட்டும், பல வழிகளால் ஹஸன்" என்று சேர்த்தார்.