டாக்ஸி பில்லைச் சரிபார்ப்பது எப்படி: பெங்களூரு விமான நிலையப் பயணம் ஒன்றை வைத்து

டாக்ஸி பில்லில் மொத்தத் தொகை அதிகம் என்று தோன்றினால் மட்டும் போதாது. எந்த வரியில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டினால்தான் பணம் திரும்பி வரும். அதற்குக் கையில் கட்டணப் பட்டியல் வேண்டும். பெங்களூருவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் ஆப் வண்டிகளுக்கும் மற்ற டாக்ஸிகளுக்கும் ஒரே கட்டணம் என்று அறிவித்தது. வேறு ஊராக இருந்தால் அந்த ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான். பெங்களூருவிலும் பில் தேதியில் எந்தக் கட்டணம் அமலில் இருந்தது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் படி: வண்டி எந்த வகை?

அந்த அறிவிப்பு வண்டியின் விலையை வைத்து மூன்று வகை பிரிக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 24. 10 முதல் 15 லட்சம் வரை என்றால் 115 ரூபாயும் 28 ரூபாயும். அதற்கு மேல் 130ம் 32ம்.

வேகன் ஆர் போன்ற சின்ன வண்டிகள் முதல் வகை. இன்னோவா கிரிஸ்டா மூன்றாவது. எர்டிகா மாதிரி வண்டிகளில்தான் குழப்பம் வரும், மாடலைப் பொறுத்து 10 லட்சத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கும், அந்தப் பக்கமும் இருக்கும். வண்டி விலை தெரியாவிட்டாலும் ஒன்றைப் பார்க்கலாம்: 100க்கு ஜோடி 24, 115க்கு ஜோடி 28. ஆரம்பக் கட்டணம் 100 என்று போட்டுவிட்டு கிலோமீட்டருக்கு 28 வாங்கியிருந்தால், வண்டி எதுவானாலும் அந்த பில் தவறு.

இரண்டாம் படி: தூரக் கட்டணம்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் இருக்கும், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஓர் உதாரணம். ஜெயநகரிலிருந்து விமான நிலையத்துக்குச் சின்ன வண்டி, அதிகாலை 3.40க்குக் கிளம்பி 5 மணிக்குள் போய்ச் சேர்ந்தது. தூரம் 38.6 கிலோமீட்டர். வழியில் ஒருவரை ஏற்றிக்கொள்ள 17 நிமிடம் நின்றது. டோல் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

100 ரூபாயில் முதல் 4 கிலோமீட்டர் அடங்கிவிட்டது. எனவே 38.6லிருந்து 4 கழித்து, மீதி 34.6 கிலோமீட்டரை 24ஆல் பெருக்க வேண்டும். 830.40 வருகிறது. 100ஐக் கூட்டினால் 930.40. சரியான தூரக் கட்டணம் இதுதான்.

ஆனால் பில்லில் 1,026.40 இருக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 96 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்ததும் நான் வேறெதையும் தேட மாட்டேன்: 4 கிலோமீட்டர், 24 ரூபாய், 96. அதாவது முதல் 4 கிலோமீட்டருக்கு 100 வாங்கிவிட்டு, அதே 4 கிலோமீட்டருக்கு மறுபடியும் காசு போட்டிருக்கிறார்கள். நடுத்தர வகையில் இதே தவறு 112 ரூபாயாகத் தெரியும், பெரிய வண்டியில் 128.

தூரமே கூடியிருந்தால் வித்தியாசம் இப்படி வராது. மேப்பில் பார்த்த தூரத்துக்கும் பில்லுக்கும் 300, 400 மீட்டர் வேறுபடுவது சகஜம். சின்ன வண்டிக்கு அது பத்து ரூபாய்க்குள் அடங்கும், விட்டுவிடலாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடியிருந்தால் பில்லில் உள்ள தொடக்க இடத்தைப் பாருங்கள். டிரைவர் உங்களை ஏற்ற வந்த தூரமும் சேர்ந்திருக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் கிலோமீட்டர் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாம் படி: வெயிட்டிங்

முதல் 5 நிமிடம் இலவசம், அதன்பின் நிமிடத்துக்கு 1 ரூபாய். 17 நிமிடம் நின்றால் 12 ரூபாய்தான். 17 என்று போட்டிருந்தால் இலவச நிமிடங்களைக் கழிக்கவில்லை. சின்னத் தொகைதான், ஆனால் "பயண நேரம்" என்று நிமிடக் கணக்கில் தனி வரி ஒன்று இருந்தால் சின்னதாக இருக்காது, 70, 80 நிமிடத்துக்கும் போட்டிருப்பார்கள். அரசு அறிவிப்பில் வண்டி ஓடும் நேரத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. அதைக் கட்டாயம் கேளுங்கள்.

நான்காம் படி: இரவுக் கட்டணம்

நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை 10 சதவீதம் கூடுதல். முதலில் பில்லில் உள்ள கிளம்பிய நேரத்தைப் பாருங்கள். இரவு 10.30க்கு ஏறி 11.45க்கு இறங்கிய பயணத்துக்கு இந்தக் கட்டணமே வரக்கூடாது. நம் உதாரணம் முழுக்க அந்த நேரத்துக்குள் இருக்கிறது, எனவே 930.40க்கு 10 சதவீதம், 93.04. வெயிட்டிங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1.20 ரூபாய்தான் கூடும், அதற்காகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டோல் தொகைக்கு 10 சதவீதம் ஏற்றியிருந்தால் மட்டும் விடாதீர்கள். சுங்கச்சாவடியில் கொடுத்த பணத்துக்கும் இரவுக்கும் சம்பந்தமில்லை.

ஐந்தாம் படி: வரியும் டோலும்

930.40, 93.04, 12 மூன்றும் சேர்ந்து 1,035.44. அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் 51.77. டோல் 120ஐக் கடைசியில் சேர்த்தால் 1,207.21.

இப்போது தவறான பில்லையும் கடைசிவரை போட்டுப் பாருங்கள். 1,026.40, வெயிட்டிங் 17, இரண்டுக்கும் 10 சதவீதம், பிறகு 5 சதவீதம், டோல். 1,325.13 வருகிறது. 118 ரூபாய் அதிகம். அந்த 96 மட்டுமே இரவுக் கட்டணமும் வரியும் ஏறி 110.88 ஆகிவிடுகிறது. அதனால்தான் மொத்தத்திலிருந்து பின்னோக்கிப் போகாமல் தூரக் கட்டணத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். மொத்த வித்தியாசம் 118ஐ வைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது, 96ஐ வைத்து முடியும்.

அடிக்கடி பயணம் செய்பவர்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம். `B1` கட்டத்தில் கிலோமீட்டர், `B2` கட்டத்தில் நின்ற நிமிடம். கீழே உள்ளதில் முதல் வரி தூரக் கட்டணம், அடுத்தது வெயிட்டிங்:

```
=100+MAX(0,B1-4)*24
=MAX(0,B2-5)*1
```

`MAX` எதற்கு என்றால், 3 கிலோமீட்டர் பயணத்தில் கழித்தல் எண் வந்து கட்டணம் 100க்குக் கீழே இறங்கிவிடாமல் இருக்க.

லக்கேஜுக்குக் காசு போட்டிருந்தால் ஒரு வார்த்தை: 120 கிலோ வரை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு 30 கிலோவுக்கும் 7 ரூபாய். இரண்டு சூட்கேஸுக்கு எதுவும் வராது.

புகார் எழுதும்போது "அதிகம் வாங்கிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். "38.6 கி.மீ., முதல் 4 கி.மீ. கழிக்கப்படவில்லை, தூரக் கட்டணம் 930.40க்குப் பதில் 1,026.40" என்று ஒரே வரியில் எழுதி, வண்டி எண், கிளம்பிய நேரம், பில்லின் படம் மூன்றையும் சேர்த்து முதலில் ஆப் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதையே ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்கலாம்.