மூலக்கூறு வடிவப் படங்களைத் திருத்துவது எப்படி: ஐந்து இரட்டைகளில் நான் சறுக்கிய இடம்

பயிற்சித்தாளில் பன்னிரண்டு மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் வடிவத்தைக் கையால் வரைந்து, பிணைப்புக் கோணத்தையும் குறிக்க வேண்டும். வரைந்து முடித்துவிட்டு நானே திருத்தினேன். மீத்தேன், அம்மோனியா, நீர் மூன்றும் சரி. ClF₃-இல் மட்டும் என் படமும் விடைத்தாளும் ஒத்துப்போகவில்லை. கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் என் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றியது. தவறு எங்கே என்று பிடிக்க ஒரு முழு மாலை போயிற்று. அந்த மாலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லூயிஸ் அமைப்பு வரையத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை தள்ளி நிற்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

படி 1: படத்தைப் பார்க்காமல் எண்ணுங்கள்

வரைந்த படத்தை முதலில் ஒரு தாளால் மூடிவிடுங்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினால், கை வரைந்ததற்கு மனம் வக்காலத்து வாங்கும்.

மைய அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களை எழுதுங்கள். அதனோடு ஒற்றைப் பிணைப்பில் சேர்ந்திருக்கும் ஒவ்வோர் அணுவுக்கும் ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டால் வகுத்தால் மைய அணுவைச் சுற்றி எத்தனை இரட்டைகள் என்று வந்துவிடும். SF₄-க்கு: சல்ஃபரின் 6, ஃபுளூரின்களின் 4, ஆக 10, ஐந்து இரட்டைகள். நான்கு பிணைப்பில் இருக்கின்றன, மீதி ஒன்று தனித்த இரட்டை. ClF₃-க்கு: 7, அதோடு 3, மறுபடியும் 10. ஐந்தில் மூன்று பிணைப்பு, இரண்டு தனித்தவை.

இந்த எண்ணிக்கையைப் படத்தின் ஓரத்தில் எழுதிவைத்த பிறகு மூடியிருந்த தாளை எடுங்கள். தனித்த இரட்டைகளைப் படத்தில் புள்ளிகளாகக் காட்டாதவர்களுக்குப் பாதித் தவறு இங்கேயே அகப்பட்டுவிடும்.

படி 2: இரட்டைகளின் அமைப்பு வேறு, மூலக்கூறின் வடிவம் வேறு

நான்கு இரட்டைகள் என்றால் நான்முகி, ஆறு என்றால் எண்முகி. இவற்றில் எல்லா மூலைகளும் சமம். ஒரு தனித்த இரட்டையை எந்த மூலையில் வைத்தாலும் ஒரே வடிவம்தான் கிடைக்கும்.

ஐந்து அப்படியில்லை. மூன்று இரட்டைகள் ஒரு தளத்தில் 120° இடைவெளியில் வளையமாக நிற்கின்றன. மற்ற இரண்டு அந்தத் தளத்துக்கு மேலும் கீழும் செங்குத்தாக. இதைத்தான் முக்கோண இருபிரமிடு என்கிறோம். மேல், கீழ் இரண்டையும் அச்சு இடங்கள் என்றும், மற்ற மூன்றையும் வளைய இடங்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அச்சில் இருப்பதற்கு 90° தூரத்தில் மூன்று அண்டை வீட்டுக்காரர்கள். வளையத்தில் இருப்பதற்கு 90°-இல் இரண்டு பேர்தான். மற்ற இருவர் 120° தள்ளி இருக்கிறார்கள். விலக்கம் தூரம் கூடக்கூட வெகுவேகமாகக் குறைவதால் 120°-இல் உள்ளவர்களை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

தனித்த இரட்டை மைய அணுவின் பிடியில் மட்டும் இருப்பதால் அகலமாகப் பரவி அதிக இடம் கேட்கும். எனவே நெரிசல் குறைந்த வளைய இடத்துக்குப் போகும். SF₄-இல் கதை அத்தோடு முடிந்தது: வளையத்தில் ஒரு தனித்த இரட்டை, இரண்டு ஃபுளூரின், அச்சில் இரண்டு ஃபுளூரின். தனித்த இரட்டையைக் கண்ணுக்கு மறைத்துவிட்டு அணுக்களை மட்டும் பார்த்தால் சீசா பலகை போல இருக்கும். வடிவத்தின் பெயர் அணுக்களுக்கு மட்டும்தான். SF₄-க்குக் கீழே ‘முக்கோண இருபிரமிடு’ என்று எழுதியிருந்தால், படம் சரியாகவே இருந்தாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

படி 3: நான் விழுந்த குழி

ClF₃-இல் இரண்டு தனித்த இரட்டைகள். அவற்றை வைக்க மூன்று வழிகள் உண்டு: இரண்டும் அச்சில், ஒன்று அச்சில் ஒன்று வளையத்தில், இரண்டும் வளையத்தில்.

நான் செய்தது இது. தனித்த இரட்டைக்கும் பிணைப்பு இரட்டைக்கும் இடையே 90°-இல் எத்தனை மோதல்கள் என்று எண்ணினேன். இரண்டும் அச்சில் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பிணைப்புகள், மொத்தம் 6. இரண்டும் வளையத்தில் என்றால் ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒன்று, மொத்தம் 4. ஒன்று அச்சில், ஒன்று வளையத்தில் என்றால் அச்சில் இருப்பதற்கு இரண்டு பிணைப்புகள், வளையத்தில் இருப்பதற்கு ஒன்று, மொத்தம் 3.

மூன்றுதான் குறைவு. ஆகவே கலப்பு வழியே சரி என்று முடிவுகட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்த விசித்திரமான படம் ஒன்றை வரைந்து வைத்திருந்தேன்.

கூட்டல் தவறவில்லை. எதை முதலில் எண்ணுவது என்பதில்தான் கோட்டைவிட்டிருந்தேன். அந்தக் கலப்பு வழியில் இரண்டு தனித்த இரட்டைகளும் ஒன்றுக்கொன்று 90°-இல் நிற்கின்றன. அந்த ஒரு மோதல் என் பட்டியலில் ஏறவே இல்லை. விலக்கங்களில் தனித்ததும் தனித்ததும் மோதுவதுதான் மிகக் கடுமையானது. அடுத்தது தனித்ததும் பிணைப்பும். பிணைப்பும் பிணைப்பும் கடைசி. எனவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: எந்த வழியில் இரண்டு தனித்தவை 90°-இல் மாட்டிக்கொள்கின்றன? அந்த வழியை உடனே அடித்துவிட வேண்டும். அதன் பிறகு எஞ்சியவற்றில் மட்டும் அடுத்த வகை மோதலை எண்ண வேண்டும். கலப்பு வழி வெளியேறிவிட்டது. மீதமிருப்பவை 6-உம் 4-உம். நான்கு வென்றது. இரண்டு தனித்தவையும் வளையத்தில், மூன்று ஃபுளூரின்களும் ஒரே தளத்தில். ஆங்கில எழுத்து டி போன்ற வடிவம்.

மூன்று ஃபுளூரின்களையும் சம தூரத்தில் 120°-இல் தட்டையாக வரைந்திருந்தால், இரண்டு தனித்தவையும் அச்சில் இருக்கின்றன என்று பொருள். அந்த வரைவில் ஒரு சமச்சீர் அழகு இருப்பதால் சரிபோலவே தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள்.

படி 4: கோணம்

பாகைமானியைக் கீழே வையுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. படத்தில் தாளின் தளத்திலேயே கிடக்கும் இரண்டு சாதாரணக் கோடுகளுக்கு இடையே மட்டும்தான் பாகைமானி உண்மை பேசும். நம்மை நோக்கி வரும் தடித்த ஆப்புக்கோட்டுக்கும் பின்னால் போகும் விட்டுவிட்டு வரைந்த கோட்டுக்கும் இடையே அளந்தால் 50°, 60° என்று ஏதாவது வரும். SF₄-இன் வளைய ஃபுளூரின்கள் இரண்டும் அப்படித்தான் வரையப்படுகின்றன. அவற்றுக்கு இடையே உண்மையான கோணம் ஏறத்தாழ 102°. எழுதிய எண்ணைத் திருத்துங்கள், தாளில் தெரியும் இடைவெளியை அல்ல.

எண்ணைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சாயும் திசை. தனித்த இரட்டை தள்ளுவதால் பிணைப்புகள் அதைவிட்டு விலகிச் சாய வேண்டும். ClF₃-இல் டி-யின் இரண்டு கைகளும் தண்டின் பக்கமாகச் சற்று மடங்கியிருக்கும். கைக்கும் தண்டுக்கும் இடையே 90° இல்லை, அளந்து கண்ட மதிப்பு 87.5°. கைகள் மறுபக்கம், அதாவது தனித்தவை இருக்கும் பக்கம், மடங்கியிருந்தால் தவறு. SF₄-இலும் அச்சு ஃபுளூரின்கள் 180°-இல் நேராக நிற்காமல், தனித்த இரட்டையைவிட்டு விலகி, 173° அளவில் இருக்கின்றன.

ஆனால் 87.5 என்பதை இந்தக் கொள்கையிலிருந்து யாரும் கணக்கிட்டு எடுக்க முடியாது. ‘90°-ஐவிடக் குறைவு’ என்பது வரைதான் அது சொல்லும். தசமப் புள்ளி சோதனையில் அளந்து கிடைத்தது. அம்மோனியாவில் 107° அளவு, நீரில் 104.5° என்று வருவதைப் பார்த்து, தனித்த இரட்டை ஒன்றுக்கு 2.5° கழிப்பது என்று ஒரு குறுக்குவழியைச் சிலர் மனப்பாடம் செய்கிறார்கள். PH₃-க்கு அதைப் போட்டுப் பாருங்கள். அம்மோனியா போலவே மூன்று பிணைப்பு, ஒரு தனித்த இரட்டை. ஆனால் கோணம் ஏறத்தாழ 93.5°. குறுக்குவழி அங்கேயே முறிந்துவிடுகிறது. ஆகவே ‘109.5°-ஐவிடக் குறைவு’ என்று எழுதியவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

சந்தேகம் தீரவில்லை என்றால்

ஐந்து பலூன்களை ஒரே அளவில் ஊதி, முடிச்சுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். அவை தாமாகவே மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து நிற்கும். வளையத்தில் ஒன்றை மட்டும் பெரிதாக ஊதினால் பக்கத்தில் உள்ளவை ஒதுங்குவது கண்ணுக்கே தெரியும். துளையிட்ட பந்துகளும் குச்சிகளும் கொண்ட மாதிரிப் பெட்டியைவிட இது எனக்குப் பிடித்தது. பெட்டியில் துளையைப் போட்டவர் கோணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். நீரைச் செய்தாலும் 109.5°தான் காட்டும். பலூன்கள் தள்ளுவது எலக்ட்ரான்கள் தள்ளும் அதே காரணத்தால் அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் SO₂-க்கு நான்கு இரட்டைகள் வருகின்றன, நீரைப் போல 104.5° என்று எழுதலாமா என்று கேட்டிருந்தார். ஆக்சிஜனுக்கும் தலா ஒன்றைக் கூட்டியிருக்கிறார். இரட்டைப் பிணைப்பில் ஓரமாக நிற்கும் ஆக்சிஜனுக்குச் சுழியம்தான் போட வேண்டும். இரட்டைப் பிணைப்பு ஒரே திசையில் இருப்பதால் ஒரே தொகுதியாகவே தள்ளுகிறது. சல்ஃபரின் 6-ஐ இரண்டால் வகுத்தால் 3. இரண்டு பிணைப்பு, ஒரு தனித்தது. கோணம் ஏறத்தாழ 119°. படி 1-இல் ‘ஒற்றைப் பிணைப்பில்’ என்ற சொல்லை அவர் கேட்ட பிறகுதான் சேர்த்தேன்.

இன்னொருவருக்கு I₃⁻ அயனியில் நாலரை இரட்டைகள் வந்தனவாம். மின்சுமையை மறந்திருக்கிறார். நடு அயோடினின் 7, ஓர அணுக்களின் 2, எதிர்மின்சுமைக்கு 1. மொத்தம் 10, ஐந்து இரட்டைகள். மூன்று தனித்தவையும் வளையத்தை நிரப்பிவிடுவதால் அணுக்கள் அச்சில் நேர்கோடாக நிற்கின்றன. விடையில் அரை வந்தால் முதலில் மின்சுமையைப் பாருங்கள். மின்சுமையும் சரியாக இருந்து அரை வந்தால், NO₂ போல ஒற்றை எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு கையில் இருக்கிறது. அந்த ஒற்றை எலக்ட்ரான் முழு இரட்டை அளவுக்குத் தள்ளாததால் அங்கே கோணம் 120°-ஐத் தாண்டி 134° வரை விரிந்திருக்கும்.