விழா ரத்து என்று குழுவில் எப்படி எழுதுவது? ஓர் அறிவிப்பைத் திருத்திய விதம்

எங்கள் குடியிருப்பில் ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழா நடக்க இருந்தது. முந்தைய நாள் கழிவுநீர்க் குழாய் உடைந்ததால் விழாவை நிறுத்த வேண்டி வந்தது. வாட்ஸப் குழுவில் போடச் செயலாளர் ஓர் அறிவிப்பு எழுதி, "ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்று எனக்கு அனுப்பினார். சங்க வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் என்பதால், அதைத் திருத்திய முறையை இங்கே எழுதுகிறேன். குழு நடத்துவது பற்றிய அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவர் எழுதியது இது:

> அனைவருக்கும் வணக்கம் 🙏🙏 நாம் அனைவரும் ஆவலுடன் எதிர்பார்த்த பொங்கல் விழா ஏற்பாடுகள் கடந்த ஒரு மாதமாக மிகச் சிறப்பாக நடந்து வந்தது அனைவரும் அறிந்ததே. தவிர்க்க முடியாத சில காரணங்களாலும், ஒரு சிலரின் ஒத்துழைப்பு இல்லாததாலும் நாளை நடைபெற இருந்த விழா தற்காலிகமாக ரத்து செய்யப்படுகிறது!!! பணம் குறித்து யாரும் போன் செய்ய வேண்டாம். பிறகு தெரிவிக்கப்படும். புரிதலுக்கு நன்றி. – நிர்வாகம்

முதலில், ரத்தா ஒத்திவைப்பா என்று கேளுங்கள்

வாக்கியத்தைத் தொடும் முன் செய்ய வேண்டியது இது. "தற்காலிகமாக ரத்து" என்று படித்தால் பாதிப் பேர் அடுத்த ஞாயிறு நடக்கும் என்று நினைப்பார்கள், மீதிப் பேர் இந்த ஆண்டு இல்லை என்று நினைப்பார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்தவர்கள் டிக்கெட்டை மாற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள். செயலாளரிடம் நேராகக் கேட்டேன்: வேறு தேதி உண்டா? "இல்லை, இந்த வருஷம் அவ்வளவுதான்" என்றார். அப்படியென்றால் "ரத்து" மட்டும் போதும், "வேறு தேதி இல்லை" என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் "ஒத்திவைப்பு" என்று எழுதி, எந்த நாளுக்குள் சொல்வீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். இதற்கு விடை வராமல் அறிவிப்பை அனுப்பவே கூடாது.

காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள்

"தவிர்க்க முடியாத காரணங்கள்" என்று எழுதினால் அன்று இரவே குழுவில் ஆளுக்கொரு காரணம் உலவ ஆரம்பித்துவிடும். கமிட்டிக்குள் சண்டை, பணத்தில் ஏதோ குளறுபடி என்றெல்லாம் பேச்சு போகும். உடைந்த குழாயில் மறைக்க ஒன்றுமில்லை. காரணம் ஒரு வீட்டின் துக்கமோ, ஒருவரின் உடல்நிலையோ என்றால் மட்டும் அந்தக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொல்கிற அளவுக்கு எழுதுங்கள்.

"ஒரு சிலரின் ஒத்துழைப்பு இல்லாததாலும்" என்ற வரியை அப்படியே எடுத்துவிட்டேன். சில வீடுகள் பணம் தரவில்லை என்ற வருத்தம் செயலாளருக்கு இருந்தது, அது நியாயமும்கூட. ஆனால் விழா நின்றது குழாயால். இந்த வரி இருந்தால் பணம் தராத வீடுகள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று பதில் எழுதத் தொடங்கும், விழா ரத்தான செய்தி அந்தப் பதில்களுக்கு அடியில் போய்விடும். பாக்கி விஷயத்தை அந்தந்த வீட்டில் தனியாகப் பேசுவதுதான் சரி.

"நாளை" வேண்டாம்

சனிக்கிழமை மாலை அனுப்பிய செய்தியைச் சிலர் ஞாயிறு அதிகாலையில் பார்ப்பார்கள். அப்போது "நாளை" என்பது திங்கள் ஆகிவிடும். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். கீழே யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதும் இருக்கட்டும், வேறு குழுவுக்குப் போனாலும் குழப்பம் வராது.

பணம்

நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். "யாரும் போன் செய்ய வேண்டாம்" என்ற வரி கதவைச் சாத்துவது போல இருக்கிறது. மக்கள் போன் செய்வது பணம் எப்போது வரும் என்று தெரியாததால்தான். தொகை, நாள், திரும்ப வரும் வழி மூன்றையும் எழுதிவிட்டால் அந்த வரிக்கே வேலையில்லை. ஆனால் பொருளாளரைக் கேட்காமல் நாள் குறிக்காதீர்கள். சமையல்காரர் முன்பணத்தைத் திருப்பித் தருவாரா என்று அவர் பேசி முடித்த பிறகுதான் நாங்கள் தேதி போட்டோம்.

மற்றவை சின்னத் திருத்தங்கள். "ஏற்பாடுகள் நடந்து வந்தது" என்பது "நடந்து வந்தன" என்று இருக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியமே தேவையில்லை என்பதால் எடுத்தாயிற்று. ஆச்சரியக்குறிகளும் போயின. திருத்திய வடிவம்:

```
*ஜனவரி 18, ஞாயிறு பொங்கல் விழா ரத்து*

ஏ பிளாக் முன்னால் கழிவுநீர்க் குழாய் உடைந்து, பொங்கல் வைக்க இருந்த இடத்தைத் தோண்ட வேண்டியதாகிவிட்டது. திங்களுக்கு முன் வேலை முடியாது. அதனால் பொங்கல், கோலப்போட்டி, மதியச் சாப்பாடு மூன்றும் இல்லை. வேறு தேதி வைக்கவில்லை.

நீங்கள் கொடுத்த 500 ரூபாய், ஜனவரி 25, ஞாயிற்றுக்குள் முழுதாகத் திரும்ப வரும். ஜிபேயில் அனுப்பியவர்களுக்கு ஜிபேயில், கையில் கொடுத்தவர்களுக்கு வீட்டில்.

ஆசையாகத் தயாராகியிருந்த பிள்ளைகளுக்கும், உடன் உழைத்த எல்லோருக்கும் இது ஏமாற்றம்தான். எங்களுக்கும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி இருந்தால் செயலாளரை மாலை 6 முதல் 8 வரை அழைக்கலாம்.
– சங்க நிர்வாகக் குழு, ஜனவரி 17, மாலை 5 மணி
```

முதல் வரியிலேயே செய்தி முடிந்துவிட வேண்டும். போன் திரையில் வரும் அறிவிப்பில் தொடக்கம் மட்டும்தான் தெரியும். அது வணக்கத்தோடு தொடங்கினால் பலர் திறக்கவே மாட்டார்கள். தடித்த எழுத்துக்கு வரியின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போடுங்கள். குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் எழுத்து தடிக்காது, நட்சத்திரம் அப்படியே நிற்கும்.

அனுப்பும்போது

வாட்ஸப்பில் முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். குழுவில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். தனி நோட்ஸ் செயலியைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. படமாக வடிவமைத்துப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை: படத்துக்குள் இருக்கும் வரியைக் குழுவில் தேடி எடுக்க முடியாது, கண் பார்வை குறைந்தவர்களின் போன் அதைப் படித்துக் காட்டுவதும் கடினம். எங்கள் குடியிருப்பில் தமிழ் படிக்காதவர்கள் இருப்பதால் ஆங்கிலத்தில் தனிச் செய்தியாக ஒன்று போட்டோம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் நீளமாகி, பாதி மறைந்துவிடும்.

அனுப்பிய பிறகு செய்தி குழுவின் மேலேயே நிற்கும்படி அதைப் பின் செய்யுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். பணம் திரும்பும் தேதி 8 நாள் தள்ளி இருந்ததால் 30 நாள் வைத்தோம், பணம் கொடுத்து முடித்ததும் எடுத்துவிடலாம்.

பின்சேர்க்கை 1: தேதியைத் தவறாகப் போட்டுவிட்டால் திருத்தினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தியதற்குப் புதிய அறிவிப்பு போகாது, முதலில் படித்தவர் பழைய தேதியோடுதான் இருப்பார். எழுத்துப்பிழை என்றால் திருத்துங்கள். தேதி, தொகை மாறினால் "திருத்தம்" என்று தொடங்கிப் புதிய செய்தி அனுப்புங்கள்.

பின்சேர்க்கை 2: பழைய அழைப்பிதழ்ப் படத்தைப் பார்த்து ஞாயிறு காலை ஆட்கள் வந்து நின்றதாக இன்னொருவர் எழுதியிருந்தார். சில வாரங்களுக்கு முன் போட்ட படத்தை எல்லோருக்குமாக நீக்கும் காலம் கடந்திருக்கும். அந்தப் படத்தை மேற்கோள் காட்டி, அதற்குப் பதிலாக "இந்த விழா ரத்து" என்று ஒரு வரி போடுங்கள். குழு விவரத்தில் விழா பற்றி எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். லிஃப்டில் ஒட்டிய தாளை யாராவது போய்க் கிழித்து எடுக்க வேண்டும், வாயிற்காவலரிடமும் சொல்லிவைக்க வேண்டும். அவர்தான் வெளியிலிருந்து வரும் விருந்தாளிகளை முதலில் பார்ப்பவர்.