மகனுக்காக எழுதிய உயில்: நாமினி பெயரில் இருந்த சிக்கல்

எங்கள் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. வீட்டையும் வைப்புத்தொகையையும் அவன் பேருக்கே உயில் எழுதியிருந்தேன். வங்கியில் கேட்டபோதுதான் தெரிந்தது: பணம் வந்தாலும் சட்டப்படியான பாதுகாவலர் இல்லாமல் அவனால் எடுக்க முடியாது. 18 வயதுக்குப் பிறகு பெற்றோர்கூடத் தானாகப் பாதுகாவலர் ஆவதில்லை.

தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி (1999) கலெக்டர் தலைமையிலான குழுவிடம் எங்களுக்குப் பாதுகாவலர் சான்று வாங்கினோம். ஆனால் எங்கள் காலத்துக்குப் பிறகு வேறொருவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். சரி, மகள் பேருக்கே எழுதலாமா என்று யோசித்தோம். அவளுக்கு ஒரு கடன் வழக்கு வந்தால் அந்தச் சொத்தும் மாட்டிக்கொள்ளும்.

கடைசியில் 10,000 ரூபாயில் ஒரு தனியார் டிரஸ்ட் பதிவு செய்தோம். மகளும் மைத்துனரும் டிரஸ்டிகள். அவர்களுக்குப் பின் யார் என்பதும் பத்திரத்தில் உண்டு. பயனாளி மகன் மட்டும். சொத்தெல்லாம் டிரஸ்டுக்குப் போகும்படி உயிலைத் திருத்தினேன்.

அப்புறம் பழைய வைப்பு ரசீதைப் புரட்டினால், நாமினி இடத்தில் இன்னும் மகன் பெயர்! வங்கி வைப்புக்கு டிரஸ்டை நாமினியாகப் போட முடியாது, தனிநபர்தான். மகளை நாமினியாக்கி, அவள் வாங்கி டிரஸ்டில் சேர்க்க வேண்டும் என்று உயிலில் எழுதினேன். ரசீது எண்ணைக் குறிப்பிடவில்லை. புதுப்பிக்கும்போது அது மாறலாம். 'என் பெயரிலுள்ள எல்லா வைப்புகளும்' என்று போட்டேன். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.