20 ஜிபி ஃபைல் டிலீட் ஆக ஒரு நொடி, காப்பி ஆக அரை மணி நேரம்: இது தெரியாம நாம பண்ற தப்புகள்

20 ஜிபி ஃபைல் ஒண்ண நொடிக்கு 10 எம்பி எழுதற பழைய பென்டிரைவுக்கு காப்பி போட்டா 34 நிமிஷம் ஆகும், அதே ஃபைல லினக்ஸ்ல `rm` அடிச்சா என்டர் தட்டுன கை எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். ஏன்னு கேட்டா "டிலீட் பண்றது ஈஸி, எழுதறது கஷ்டம்" அப்படின்னு ஒரு பதில் வரும், அது தப்பில்ல, ஆனா அரைகுறை. அந்த அரைகுறை புரிதல்லதான் சர்வர் டிஸ்க் ஃபுல்லாகி நிக்கறதும், போட்டோவ மீட்கப் போய் இருக்கறதையும் அழிச்சிக்கறதும் நடக்குது.

உபுண்டுல சாதாரணமா வர்ற `ext4` ஃபைல் சிஸ்டத்தையே எடுத்துக்கலாம். அது டிஸ்க்க 4 கேபி பிளாக்குகளா வெட்டி வச்சிருக்கும். எந்த பிளாக் காலி, எது நிறைஞ்சிருக்குன்னு பாக்க ஒரு பிட்மேப், ஒரு பிளாக்குக்கு ஒரே ஒரு பிட், 0ன்னா காலி, 1ன்னா ஆள் இருக்கு. அந்த பிட்மேப்பும் 4 கேபி பிளாக்லதான் உக்காந்திருக்கு, 4 கேபில 32768 பிட் இருக்கு, அதனால ஒரு பிட்மேப் பிளாக் 32768 பிளாக்குக்கு, அதாவது 128 எம்பிக்கு கணக்கு வச்சிக்கும்.

இப்ப நம்ம 20 ஜிபி ஃபைலுக்கு வாங்க. மொத்தம் 52 லட்சத்துக்கு மேல பிளாக். கேக்க பயங்கரமா இருக்கு, ஆனா அத்தனைக்கும் சேத்து மாத்த வேண்டிய பிட்ட கூட்டிப் பாத்தா 640 கேபிதான், ஒரு சுமாரான போட்டோ சைஸ், சுமார் 160 பிட்மேப் பிளாக்ல முடிஞ்சிரும். அந்த ஃபைல் எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சிக்க கூட 52 லட்சம் நம்பர படிக்க வேண்டியதில்ல, "இந்த இடத்துல ஆரம்பிச்சு தொடர்ச்சியா இத்தனை பிளாக்" அப்படின்னு எக்ஸ்டென்ட்டா எழுதி வச்சிருக்கும், ஒரு எக்ஸ்டென்ட் அதிகபட்சம் 128 எம்பி பிடிக்கும், ஃபைல் சிதறாம இருந்தா சுமார் 160 எக்ஸ்டென்ட், அது மொத்தமும் ஒரே ஒரு 4 கேபி பிளாக்ல அடங்கிடும். டைரக்டரில இருந்து பேர எடு, ஃபைலோட விவரமெல்லாம் வச்சிருக்கற `inode`ங்கற பதிவ விடுவி, பிட்ட 0 ஆக்கு, நடக்கற மாத்தத்த குறிச்சு வைக்கற ஜர்னல்ல எழுது, அவ்வளவுதான். லாட்ஜ்ல ரூம் காலி பண்றப்ப ரிசப்ஷன் ரிஜிஸ்டர்ல பேர அடிக்கற மாதிரி, ரூமுக்குள்ள யாரும் போகவே இல்ல, 20 ஜிபி டேட்டால ஒரு பைட்ட கூட தொடல.

காப்பிக்கு அந்த சலுகை கிடையாது, 20 ஜிபியும் படிக்கணும், காலி பிளாக்க தேடிப் பிடிக்கணும், 20 ஜிபியும் எழுதணும், ஒரே ஹார்ட் டிஸ்க்ல எடுத்து அதுலயே வச்சா ஹெட் படிக்கற இடத்துக்கும் எழுதற இடத்துக்கும் மாறி மாறி ஓடும், வேகம் இன்னும் அடி வாங்கும். அப்ப காப்பின்னாலே ஸ்லோன்னு முடிவு கட்டிடாதீங்க. `btrfs`, `xfs` மாதிரி ஃபைல் சிஸ்டத்துல `cp --reflink` போட்டா அதே பிளாக்குகள ரெண்டு ஃபைலுக்கும் பங்கு போட்டுட்டு ஒரு நொடில முடிச்சிடும், பின்னால எத மாத்துறோமோ அந்த பகுதி மட்டும் தனியா எழுதப்படும். ஆக நேரம் எடுக்கறது டேட்டாவ தொடறதாலதான்.

சரி, முதல் தப்பு: டிலீட்னா எப்பவும் டக்குனு முடியும்னு நினைக்கறது. 20 ஜிபி ஒரே ஃபைல் நொடில போகும், ஆனா ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்ல வர்ற, வெறும் 1 ஜிபி இருக்கற `node_modules` ஃபோல்டர ஹார்ட் டிஸ்க்ல அழிச்சு பாருங்க, உருட்டிட்டே இருக்கும். ஏன்னா அங்க பல்லாயிரம் குட்டி ஃபைல், ஒவ்வொண்ணுக்கும் பேர எடுக்கணும், `inode` பதிவ விடுவிக்கணும். டிலீட் நேரத்த முடிவு பண்றது எத்தனை ஃபைல், எத்தனை துண்டுங்கறதுதான், எத்தனை ஜிபிங்கறது ரெண்டாம்பட்சம். பழைய `ext3`ல எக்ஸ்டென்ட் கிடையாது, பிளாக் நம்பர ஒண்ணொண்ணா லிஸ்ட் போட்டு வைக்கும், 4 எம்பிக்கு ஒரு லிஸ்ட் பிளாக், அப்ப 20 ஜிபிக்கு 5000க்கு மேல லிஸ்ட் பிளாக்க டிஸ்க்ல அங்கங்க போய் படிச்சுதான் விடுவிக்க முடியும். அந்தக் காலத்துல டிவி ரெக்கார்ட் பண்ற மித்டிவி சாஃப்ட்வேர்ல, பெரிய ஃபைல அழிக்கறப்ப ஓடிட்டிருக்கற ரெக்கார்டிங் தடுமாறக்கூடாதுன்னே கொஞ்சம் கொஞ்சமா அழிக்கற ஆப்ஷன் ஒண்ணு வச்சிருந்தாங்க. இன்னைக்கும் டிஸ்க்க 98 சதவீதம் ரொப்பி வச்சிட்டு பெரிய ஃபைல எழுதினா தொடர்ச்சியா காலி இடம் கிடைக்காம துண்டு துண்டா போய் உக்காரும், எழுதவும் லேட், அழிக்கவும் லேட். சந்தேகம் இருந்தா `filefrag` கமாண்ட் எத்தனை எக்ஸ்டென்ட்னு சொல்லிடும்.

அடுத்தது சர்வர் பாத்துக்கறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது மாட்டுற தப்பு, என்னைக் கேட்டா இந்த லிஸ்ட்லயே மோசமானது இதுதான். டிஸ்க் 100 சதவீதம், தேடிப் பாத்தா `app.log` 20 ஜிபி, `rm app.log` அடிச்சாச்சு, `ls`ல ஃபைல் இல்ல, `du` போட்டா அந்த 20 ஜிபி இல்ல, ஆனா `df` இன்னும் 100 சதவீதம்னே சொல்லுது. உடனே ஆளாளுக்கு வேற எதையாவது அழிக்க ஆரம்பிப்பாங்க, தயவுசெஞ்சு அங்க நிறுத்துங்க. `rm` எடுக்கறது பேர மட்டும்தான். பிட்மேப்ல பிட்ட 0 ஆக்க ரெண்டு கண்டிஷன் இருக்கு, அந்த `inode` பதிவ காட்டற பேர் ஒண்ணு கூட இருக்கக்கூடாது, எந்த புராசஸும் அத திறந்து வச்சிருக்கக்கூடாது. இங்க ஆப் இன்னும் அந்த லாக்க திறந்து வச்சு எழுதிட்டே இருக்கு, அதனால பேர் இல்லாத ஃபைல் ஒண்ணு வளந்துட்டே போகுது. `du` டைரக்டரில பேர் பாத்து கூட்டும், `df` காலி பிளாக் கணக்க நேரா கேக்கும், ரெண்டுக்கும் நடுவுல விழற ஓட்டைதான் அந்த 20 ஜிபி. கண்டுபிடிக்க:

```
sudo lsof +L1
```

பேர் எண்ணிக்கை பூஜ்ஜியமா இருந்தும் திறந்திருக்கற ஃபைல எல்லாம் இது காட்டும், பக்கத்துல `(deleted)`னு இருக்கும். சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணா இடம் உடனே வந்துரும். ரீஸ்டார்ட் பண்ண முடியாத நேரம்னா, அதுல வர்ற புராசஸ் நம்பரும் ஃபைல் நம்பரும் உதாரணத்துக்கு 2417, 5ன்னு வச்சிப்போம்:

```
sudo truncate -s 0 /proc/2417/fd/5
```

லாக் ஃபைல்னா மட்டும் இத பண்ணுங்க, டேட்டாபேஸ் ஃபைல்ல கைய வச்சிடாதீங்க, உள்ள இருக்கறது மொத்தமும் போயிடும். முதல்லயே `rm`முக்கு பதிலா `truncate -s 0 app.log` போட்டிருந்தா பேரும் இருந்திருக்கும், இடமும் வந்திருக்கும். ஒரு சின்ன சிக்கல், ஆப் அந்த ஃபைல எப்பவும் கடைசில சேத்து எழுதற அப்பெண்ட் மோட்ல திறக்காம இருந்தா பழைய 20 ஜிபி இடத்துல இருந்தே தொடர்ந்து எழுதும், அப்ப `ls -l` திரும்பவும் 20 ஜிபின்னு பயமுறுத்தும், பதறாதீங்க, நடுவுல வெறும் ஓட்டைதான், `du`ல பாத்தா நிஜ அளவு கொஞ்சமாதான் இருக்கும். பேர் ஒண்ணு கூட இருக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல, அதே காரணத்தாலதான் ஹார்ட் லிங்க் போட்டு ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேர் வச்சிருந்தா ஒரு பேர அழிச்சாலும் இடம் வராது. ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருந்தாலும் அந்த பிளாக் ஸ்னாப்ஷாட்டுக்கும் சொந்தம்ங்கறதால வராது. டிராஷுக்கு அனுப்பறது அதவிட கம்மியான வேலை, வெறும் ஃபோல்டர் மாத்தறது, பிட்மேப் பக்கமே போகாது. பென்டிரைவ்ல எல்லாத்தையும் அழிச்சும் ஃபுல்னு காட்டினா அதுக்குள்ள மறைஞ்சிருக்கற `.Trash-1000` ஃபோல்டர பாருங்க.

மூணாவது, அழிச்சா அழிஞ்சிருச்சுன்னு நம்பறதும் அதுக்கு நேர் எதிரா எப்படியும் மீட்டுடலாம்னு நம்பறதும், ரெண்டுமே தப்பு. `FAT32` மெமரி கார்ட்ல டிலீட் பண்ணா ஃபைல் பேரோட முதல் எழுத்து இடத்துல `E5`ன்னு ஒரு குறி விழும், எந்த கிளஸ்டருக்கு அப்புறம் எதுன்னு சொல்ற சங்கிலி பூஜ்ஜியம் ஆயிடும், ஆனா டேட்டா அப்படியே இருக்கும். போட்டோ ஒரே தொடர்ச்சியா எழுதப்பட்டிருந்தா ஃபோட்டோரெக் மாதிரி டூல் முழுசா எடுத்துக் குடுத்துடும், சிதறி இருந்தா மேல் பாதி கல்யாணப் போட்டோவும் கீழ் பாதி சாம்பல் கலரும்தான் வரும். அதனால மீட்கணும்னா அந்த கார்ட கேமராவுல இருந்து உடனே கழட்டுங்க. ரெக்கவரி சாஃப்ட்வேர அதே டிஸ்க்ல இன்ஸ்டால் பண்றதும், மீட்ட ஃபைல அதே டிஸ்க்ல சேவ் பண்றதும் கூடவே கூடாது, ஏன்னா நீங்க தேடுற பிளாக் இப்ப "காலி" லிஸ்ட்ல இருக்கு, புதுசா எழுதற எதுவும் நேரா அது மேலயே போய் உக்காரலாம்.

எஸ்எஸ்டில கத வேற. ஃபைல் சிஸ்டம் "இந்த பிளாக் எனக்கு வேணாம்"னு டிரைவுக்கே டிரிம் கமாண்ட் அனுப்பும், விண்டோஸ் அழிச்ச கையோட அனுப்பிடும், உபுண்டு வாரம் ஒரு தடவை `fstrim.timer` மூலமா மொத்தமா அனுப்பும். அதுக்கப்புறம் அந்த இடத்த படிச்சா பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் வரும், ரெக்கவரி டூல் வாங்கறது காசுக்கு கேடு. ஆனா அத நம்பி லேப்டாப்ப அப்படியே வித்துடவும் கூடாது, டிரிம் எப்ப போச்சு, போச்சான்னு நமக்குத் தெரியாது. ஃபைல் மேலயே திரும்பத் திரும்ப எழுதி அழிக்கற `shred` கமாண்டும் எஸ்எஸ்டில உறுதி கிடையாது, அதே பிளாக் நம்பருக்கு எழுதினாலும் டிரைவ் உள்ளுக்குள்ள வேற சிப் பகுதில எழுதிட்டு பழசை அப்படியே விட்டு வச்சிருக்கும். வாங்கின அன்னைக்கே முழு டிஸ்க்க என்கிரிப்ட் பண்ணி வச்சிருந்தா விக்கறப்ப சாவிய மட்டும் அழிச்சா போதும், இல்லன்னா அந்த டிரைவுக்குன்னு இருக்கற செக்யூர் எரேஸ் பண்ணிட்டு குடுங்க.

கடைசியா காப்பி பக்கம் நடக்கற ஒண்ணு. பென்டிரைவுக்கு காப்பி போட்டா ஆரம்பத்துல சர்ருனு ஓடி 99 சதவீதத்துல நிக்கும், சில சமயம் முடிஞ்சுதுன்னே சொல்லிடும். லினக்ஸ் முதல்ல ரேம்ல வாங்கி வச்சிட்டு அப்புறம்தான் டிஸ்க்குக்கு தள்ளும், ஆரம்பத்துல பாத்தது ரேமோட வேகம். அந்த நேரம் பிடுங்கினா டேட்டா பாதி, அதவிட மோசமா காலி இட கணக்கே பாதி எழுதினபடி நிக்கலாம், அப்ப அடுத்த தடவை சொருகறப்ப ரெண்டு ஃபைல் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடும். இன்னும் எவ்வளவு பாக்கின்னு பாக்க:

```
grep -E 'Dirty|Writeback:' /proc/meminfo
```

இது கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு வர்ற வரைக்கும் விடுங்க, இல்ல `sync` அடிச்சு அது திரும்பி வந்தப்புறம் எஜெக்ட் குடுத்து எடுங்க. கட் பேஸ்ட் பண்றப்ப இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஒரே பார்ட்டிஷனுக்குள்ளன்னா பேர் மட்டும் இடம் மாறும், நொடி வேலை, பென்டிரைவுக்குன்னா அது காப்பி போட்டுட்டு ஒரிஜினல டிலீட் பண்ற வேலை, அப்ப ஒரிஜினல் போயாச்சு, காப்பி இன்னும் ரேம்லயே இருக்கற ஒரு இடைவெளி உண்டு.