பங்குப் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, இரண்டு எழுத்து: அது எந்த ஊர்ச் சந்தை?

எங்க மச்சான் துபாயில் பதினெட்டு வருஷம் இருந்துட்டு, போன சித்திரையில் கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பி வந்தார். அங்கே இருந்தபோது கொஞ்சம் வெளிநாட்டுப் பங்கு வாங்கி வெச்சிருக்கார். எதை வாங்கினோம், எங்கே வாங்கினோம்னு அவருக்கே நினைவில்லை. கையில் ஒரே ஒரு தாள். அதில் `HSBA`, 40 என்று மட்டும் இருந்தது. "மாப்ளே, இதோட இன்னைக்கு விலை என்னன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். திரையில் 900-க்குப் பக்கத்தில் ஒரு எண். லண்டன் பங்கு என்பது தெரியும், அதனால் பவுண்டு என்று எடுத்துக்கொண்டேன். நாற்பதைப் பெருக்கினால் 36,000 பவுண்டு. பவுண்டுக்கு 110 ரூபாய் வைத்தால் 39,60,000 ரூபாய். மச்சான் அன்று சாயங்காலமே வண்டித்தாவளம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது என்று பேச்சை ஆரம்பித்துவிட்டார். அந்தக் கணக்கு எங்கே இடறியது என்பதற்கு மூன்றாவது படியில் வருகிறேன். முதல் இரண்டையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

(இந்தப் பதிவில் வரும் விலைகளும் நாணய மதிப்புகளும் கணக்கு புரிவதற்காக வைத்த முழு எண்கள். இன்றைய விலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

படி 1: நமக்குத் தெரிந்த பங்கில் தொடங்குங்கள்

யாஹூ ஃபைனான்ஸ் தேடல் பெட்டியில் இன்ஃபோசிஸ் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். கீழே வரும் பட்டியலில் இந்த மூன்றும் இருக்கும்:

```
INFY.NS
INFY.BO
INFY
```

`.NS` என்றால் மும்பையின் தேசியப் பங்குச் சந்தை, நாம் என்.எஸ்.இ. என்பது. `.BO` என்றால் பி.எஸ்.இ. பம்பாய் என்ற பழைய பெயரின் முதல் இரண்டு எழுத்துதான் அது. இரண்டிலும் விலை ரூபாயில் இருக்கும், வித்தியாசம் பெரும்பாலும் சில பைசாதான்.

மூன்றாவதில் வால் எதுவும் இல்லை. யாஹூவில் வால் இல்லாத பெயர் என்றால் அது அமெரிக்கா. இன்ஃபோசிஸ் 1999-இல் நாஸ்டாக்கில் பட்டியலாகி, 2012 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு மாறியது. அங்கே விலை டாலரில். புதிதாகப் பார்க்கிறவர்கள் `INFY` என்று மட்டும் அடித்து, 18 என்று வந்ததும் "ஐயோ, பங்கு விழுந்துடுச்சு" என்று பதறுவது இங்கேதான். 18 டாலரை 85 ரூபாயால் பெருக்குங்கள், 1,530 வரும். எதுவும் விழவில்லை.

வாலில்லாப் பெயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதே எழுத்துகள் வேறொரு நாட்டில் வேறு கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம். `TCS.NS` நமக்குத் தெரிந்த டாடா கம்பெனி. நியூயார்க்கில் பல வருஷம் `TCS` என்ற பெயரில் இருந்தது, வீட்டுக்கு டப்பாவும் அலமாரியும் விற்கிற ஒரு கடை.

படி 2: வாலைப் படியுங்கள், ஆனால் இணையதள முகவரிப் பழக்கத்தில் படிக்காதீர்கள்

இந்தியாவுக்கு `.in`, சுவிட்சர்லாந்துக்கு `.ch` என்று முகவரிகளில் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறும். யாஹூவில் சுவிஸ் சந்தைக்கு `.SW`. லண்டனுக்கு `.L`, ஹாங்காங்குக்கு `.HK`, டோக்கியோவுக்கு `.T`, டொரான்டோவுக்கு `.TO`, ஜெர்மனியின் செட்ரா சந்தைக்கு `.DE`. இவை நாட்டின் பெயரைச் சொல்லவில்லை, சந்தையின் பெயரைச் சொல்கின்றன. மனப்பாடம் செய்ய வேண்டாம். பெயரைத் திறந்தால் கம்பெனிப் பெயருக்கு மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் சந்தையின் பெயர் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

வால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. கூகுளில் வாலே கிடையாது, தலைதான்: `NSE:INFY`, `LON:HSBA`, `HKG:0005`. ப்ளூம்பெர்க்கில் புள்ளிக்குப் பதிலாக இடைவெளி விட்டு இரண்டு எழுத்து வரும்: `HSBA LN`, `INFO IN`. ராய்ட்டர்ஸ் செய்தியில் `.N` என்று பார்த்தால் அது நியூயார்க், நம்ம என்.எஸ்.இ. இல்லை. எனவே ஒரு குறியீட்டை எங்கிருந்தாவது எடுத்தால், எந்தத் தளத்தில் எடுத்தோம் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். நான் தேடுவதற்கு யாஹூ, கணக்குப் போடுவதற்கு கூகுள் ஷீட். போனில் வரும் பங்குச் செயலிகளில் சில வாலை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் காட்டும். இந்த வேலைக்கு அவை வேண்டவே வேண்டாம்.

புள்ளி இருந்தாலே சந்தை என்றும் நினைத்துவிடக் கூடாது. வாரன் பஃபெட் கம்பெனியின் `BRK.B`-இல் உள்ள `B` பங்கின் வகை. அந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் யாஹூ அதை `BRK-B` என்று எழுதுகிறது.

படி 3: நாணயத்தைப் பாருங்கள் (நான் விழுந்த குழி)

மச்சானின் பங்குக்கு வருவோம். `HSBA` என்று தேடினால் யாஹூ `HSBA.L` என்று தருகிறது. எச்.எஸ்.பி.சி. வங்கி, லண்டன் சந்தை. இதுவரை சரி. சந்தைப் பெயருக்குப் பக்கத்தில் நாணயக் குறி `GBp` என்று இருந்தது. நான் அதை `GBP` என்று படித்துவிட்டேன்.

பெரிய `P` என்றால் பவுண்டு. சின்ன `p` என்றால் பென்ஸ், நம்ம பைசா மாதிரி, பவுண்டில் நூறில் ஒரு பங்கு. லண்டனில் பெரும்பாலான பங்குகளுக்குப் பென்ஸில்தான் விலை சொல்வார்கள். ஆக 900 என்பது 900 பவுண்டு இல்லை, 9 பவுண்டு. நாற்பது பங்குக்கு 360 பவுண்டு. 110-ஆல் பெருக்கினால் 39,600 ரூபாய். இரண்டு சைபர் போய்விட்டது, தோப்பும் போய்விட்டது.

கூகுள் ஷீட்டில் இந்தத் தப்பை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. விலையைக் கேட்பதற்கு முன்னால் நாணயத்தைக் கேளுங்கள்:

```
=GOOGLEFINANCE("LON:HSBA","currency")
```

`GBX` என்று பதில் வரும். கூகுள் பென்ஸை அப்படித்தான் எழுதுகிறது. `GBX` வந்தால் நூறால் வகுக்க வேண்டும்:

```
=40*GOOGLEFINANCE("LON:HSBA","price")/100*GOOGLEFINANCE("CURRENCY:GBPINR")
```

இப்போதெல்லாம் வெளிநாட்டுப் பங்கு எதுவானாலும் என் ஷீட்டில் விலைக்கு இடது பக்கம் நாணயத்துக்கு ஒரு கட்டம் கண்டிப்பாக இருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விலைக் கட்டத்தை நம்ப மாட்டேன்.

படி 4: இது அதே பங்குதானா?

எச்.எஸ்.பி.சி. லண்டனில் மட்டும் இல்லை. ஹாங்காங்கில் `0005.HK`, நியூயார்க்கில் வாலில்லாமல் `HSBC`. மச்சானின் தாளில் `HSBA` என்று இருந்ததால் லண்டன் என்று தெரிந்தது. வெறும் `HSBC` என்று எழுதியிருந்தால்? எந்தச் சந்தையில் பார்த்தாலும் ஒன்றுதானே என்று நினைப்போம். அங்கேதான் ஐ.எஸ்.ஐ.என். எண் உதவும். ஒவ்வொரு பங்குக்கும் தனியாக உள்ள அடையாள எண் அது. எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம், முதல் இரண்டும் நாட்டின் எழுத்து. புரோக்கர் அறிக்கையில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

லண்டன், ஹாங்காங் இரண்டுக்கும் அது `GB0005405286`. அதாவது பங்கு ஒன்றே, கடைதான் இரண்டு. நியூயார்க்குக்கு `US4042804066`. அது நேரடிப் பங்கு இல்லை, பங்கை ஒரு வங்கியிடம் வைத்துவிட்டு அதன் மேல் வெளியிடும் ஏ.டி.எஸ். என்ற சான்று. எச்.எஸ்.பி.சி.யில் ஒரு ஏ.டி.எஸ். என்பது ஐந்து பங்கு.

மேலே போட்ட கணக்கையே எடுங்கள். ஒரு பங்கு 9 பவுண்டு, பவுண்டுக்கு 1.30 டாலர் என்றால் ஒரு பங்கு 11.70 டாலர். நியூயார்க் திரையிலோ ஐந்து பங்கின் விலை, 58.50 டாலர் என்று நிற்கும். மச்சானிடம் இருப்பது நாற்பது பங்கு. அதை 58.50-ஆல் பெருக்கினால் 2,340 டாலர் வரும், உண்மையில் இருப்பது 468. இன்ஃபோசிஸில் இந்தத் தொல்லை இல்லை, ஒரு ஏ.டி.எஸ்.ஸுக்கு ஒரு பங்குதான். ஆனாலும் எண் வேறு: இந்தியப் பங்குக்கு `INE009A01021`, நியூயார்க் சான்றுக்கு `US4567881085`.

ஐ.எஸ்.ஐ.என்.னின் முதல் இரண்டு எழுத்தைச் சந்தை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்சென்ச்சர் அயர்லாந்தில் பதிவான கம்பெனி, அதனால் அதன் எண் `IE` என்று தொடங்கும். பங்கு விற்பதோ நியூயார்க்கில், `ACN` என்று வாலில்லாமல். எங்கே விற்கிறது என்பதற்கு வாலைப் பாருங்கள், எந்தப் பங்கு என்பதற்கு ஐ.எஸ்.ஐ.என். பாருங்கள்.

பின்னால் சேர்த்தது: சித்தூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார், `NESTLEIND.NS`-உம் `NESN.SW`-உம் ஒன்றா என்று. இல்லைங்க. முதலாவது நெஸ்லே இந்தியா, தனியாகப் பட்டியலான கிளைக் கம்பெனி. இரண்டாவது சுவிட்சர்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனி. வால் மட்டும் மாறி முன்பகுதி ஒன்றாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும், இங்கே முன்பகுதியே வேறு. அவர் `NSRGY` என்று ஒன்றும் பார்த்திருக்கிறார். அது தாய்க் கம்பெனியின் சான்றுதான், ஆனால் நியூயார்க் சந்தையிலோ நாஸ்டாக்கிலோ பட்டியலானது இல்லை. அமெரிக்காவில் அவற்றுக்கு வெளியே, தரகர்களுக்குள் கைமாறுவது. ஐந்து எழுத்தாக இருந்து கடைசி எழுத்து `Y` என்றால் பெரும்பாலும் இந்த வகை. அங்கே புள்ளி இல்லாமலே ஒரு வால் இருக்கிறது.

இன்னொன்று: தம்மாமில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அரம்கோவுக்கு `2222.SA` போட்டால் ஒன்றும் வரவில்லை என்கிறார். `.SA` யாஹூவில் சவுதி இல்லை தம்பி, பிரேசிலின் சாவோ பாலோ. சவுதிக்கு `.SR`. `2222.SR` போட்டுப் பாருங்கள், ரியாலில் வரும்.