பாம்புக்கடி நோயாளியை எஸ்பாரில் ஒப்படைக்கும்போது

காலை 8 மணி, சேலத்தில் ஒரு வார்டு. இரவு ஸ்டாஃப் நர்ஸின் துண்டுச்சீட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "பெட் 7, பாம்பு, ஏற்காடு எஸ்டேட், மாலை 5. இரவு 8.30 ஏஎஸ்வி 10. 3 மணி உறைஞ்சது. யூரின் 10–2: 240, 2–8: 120. வீக்கம் முட்டி. பிபி 110/70. டிடி?"

இதை எஸ்பாராக, அதாவது சூழ்நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் ஒப்படைக்கும் குறிப்பாக மாற்றும்போது பலரும் சீட்டில் உள்ள வரிசையிலேயே எழுதிவிடுகிறார்கள். கடித்த கதையில் தொடங்கினால் சிறுநீர் கடைசியில்தான் வரும், அதற்குள் கேட்பவர் அடுத்த பெட்டுக்கு நகர்ந்திருப்பார். சூழ்நிலையில் இப்போது கவலைப்பட வேண்டியதை முதலில் சொல்ல வேண்டும்: "பெட் 7, பாம்புக்கடி. ஆறு மணி நேரத்தில் சிறுநீர் 120 மில்லிதான்." கடித்த நேரமும், 10 குப்பி விஷமுறிவு மருந்து போனதும், வந்தபோது உறையாத இரத்தம் 3 மணிக்கு உறைந்ததும் பின்னணி. அதற்கு இரண்டு வரி போதும்.

அதிகம் சறுக்குவது மதிப்பீட்டில்தான். பிபி சரியாக இருப்பதைப் பார்த்து "ஸ்டேபிள்" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் மணிக்கு 60 மில்லி வந்தது, இப்போது 20தான். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். கண்ணாடி விரியன் கடியில் இரத்தம் உறையத் தொடங்கிய பிறகும் சிறுநீரகம் கெடலாம். அதனால் கதீட்டர் குழாய் மடங்கவில்லை என்று பார்த்துவிட்டு, "உறைவு திரும்பிவிட்டது, சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது, சிறுநீரகம் பாதிக்கிறதோ என்று கவலை" என்று எழுதலாம். இது நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது ஆகாது, கண்ணில் பட்டதைச் சொல்வதுதான்.

பரிந்துரையில் "கவனிக்கவும்" என்று மட்டும் எழுதினால் யாரும் எதையும் செய்யப்போவதில்லை. அடுத்த 20 நிமிட உறைவுச் சோதனை 9 மணிக்கு, அதாவது புது ஷிஃப்ட்டில் வருகிறது, அதை நேரத்தோடு எழுத வேண்டும். டியூட்டி டாக்டர் இப்போதே பார்க்க வேண்டும், கிரியாட்டினினுக்கு இரத்தம் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும், சிறுநீரை மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். வீக்கத்தின் எல்லையைத் தோலில் பேனாவால் குறித்து நேரம் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். குறிக்கவில்லையென்றால் "முட்டி வரை" என்பதை வைத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்த "டிடி?", அதாவது டெட்டனஸ் தடுப்பூசி. சுத்தமாக எழுதும்போது கேள்விக்குறி காணாமல் போய், "டிடி போடப்பட்டது" ஆகிவிடும். இதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. ஏற்காட்டில் போட்டார்களா என்பது ரெஃபரல் சீட்டில் பார்க்க வேண்டிய விஷயம், அப்படியே எழுதுங்கள். போடவில்லையென்றாலும் உடனே ஊசியை எடுக்க வேண்டாம். உறைவு சரியாகாத நேரத்தில் தசையில் போட்டால் உள்ளே இரத்தம் கசியும், அதனால் 9 மணி சோதனைக்குப் பிறகு டாக்டர் சொல்லட்டும்.